ஒரே வீட்டில் 28 செ.மீ.: ஒரு அண்ணன், ஒரு தம்பி, நடுவில் ஓர் அக்கா

மூத்தவனுக்கு 18 வயது, உயரம் 176 செ.மீ. நடுவில் ஒரு பெண், 16 வயது, 158 செ.மீ. கடைக்குட்டிக்கு 14 வயது 8 மாதம், 148 செ.மீ. அண்ணனும் தம்பியும் பக்கத்தில் நின்றால் 28 செ.மீ. வித்தியாசம், ஏறக்குறைய ஓர் அடி. உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். குழந்தை மருத்துவராக மதுரையில் நான் பார்த்த இந்தக் குடும்பத்தை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன். உயரக் கணக்கை மட்டும் மாற்றவில்லை.

அப்பாவின் கேள்வி நேரடியானது. "ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க டாக்டர், ஒரே உலையில வெந்த சோறு. பெரியவன் பனை மாதிரி போறான், இவன் மட்டும் ஏன் இப்படி நிக்கிறான்?" அம்மாவுக்கு வேறு கவலை. இளையவனுக்கு ஒன்றரை வயதில் மாறி மாறி வயிற்றுப்போக்கு இருந்ததாம். அந்த வருடம் தானும் பூப்பறிக்கப் போய்விட்டதால் பிள்ளை மாமியார் கையில் வளர்ந்தான், அதனால்தான் இப்படி ஆகிவிட்டான் என்று அவர் நம்பினார். அப்பா குடும்ப வாகு என்றார், அம்மா வளர்ப்பு என்றார். மரபணுவா சூழலா என்று புத்தகங்களில் நடக்கும் அதே வாதம்தான்.

ஆனால் அந்த வாதத்துக்குள் போவதற்கு முன்னால் 28 என்ற எண்ணையே பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அதில் எத்தனை செ.மீ. நிஜமான வித்தியாசம்?

முதலில் அளவு. அப்பா தன் உயரம் 5 அடி 8 அங்குலம் என்றார், அம்மாவுக்கு 5 அடி 2 என்றார். செருப்பைக் கழற்றி, குதிகாலும் பின்புறமும் பலகையில் பட நேராகப் பார்த்து நிற்க வைத்து அளந்தால் அப்பா 168 செ.மீ., அம்மா 154. சொன்னதைவிட அவர் கிட்டத்தட்ட 5 செ.மீ. குறைவு, அம்மா 3 செ.மீ.க்கு மேல் குறைவு. இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான், யாரும் பொய் சொல்வதில்லை. என்றோ ஒரு சான்றிதழில் எழுதிய எண் அப்படியே ஒட்டிக்கொள்கிறது.

இதை ஏன் இவ்வளவு கறாராகப் பார்க்கிறோம் என்றால், பிள்ளைகள் எந்த உயரத்துக்கு வரக்கூடும் என்ற மதிப்பீடு இந்த இரண்டு எண்களில்தான் நிற்கிறது. ஆண் பிள்ளைக்கு அப்பா, அம்மா உயரங்களைக் கூட்டி, அதோடு 13 சேர்த்து, இரண்டால் வகுக்க வேண்டும். பெண் பிள்ளைக்கு 13 சேர்ப்பதற்குப் பதில் கழிக்க வேண்டும். இந்த வீட்டுப் பையன்களுக்கு 167.5, பெண்ணுக்கு 154.5 வருகிறது. அப்பா அம்மா வாயால் சொன்ன எண்களைப் போட்டிருந்தால் பையன்களுக்கு 171.6 வந்திருக்கும். அந்த 4 செ.மீ. பிழையே "பிள்ளை வளரவில்லை" என்ற முடிவுக்கு நம்மைத் தள்ளியிருக்கும். இந்த நடு எண்ணுக்கு மேலும் கீழும் சுமார் 8.5 செ.மீ. வரை வருவது சாதாரணம். அதாவது இந்த வீட்டுப் பையன்களில் யாரும் 159 முதல் 176 வரை எங்கே வேண்டுமானாலும் வந்து நிற்கலாம்.

அடுத்து பழைய அளவுகள். ஒரு நாள் மட்டும் எடுத்த உயரத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. இந்த வீட்டில் நல்லவேளையாக ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் பிள்ளைகளை உள்வாசல் நிலையில் நிறுத்தி அப்பா பேனாவால் கோடு போட்டு வருடமும் எழுதியிருந்தார். சுவரில் போட்டிருந்தால் வெள்ளையடிப்பில் போயிருக்கும். தேக்கு நிலை என்பதால் எல்லாக் கோடும் தப்பித்தது. டேப் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் டேப்பின் தொடக்கம் தரையில் இல்லை, உயர்ந்திருந்த வாசற்படியின் மேல் இருந்தது. ஆகவே படத்தில் தெரிந்த எண்களோடு படியின் உயரத்தையும் சேர்க்க வேண்டியிருந்தது. அதில் ஒன்றிரண்டு செ.மீ. முன்பின் இருக்கலாம், ஆனால் இரண்டு பையன்களின் கோடும் ஒரே நிலையில் இருப்பதால் ஒரே வயதில் அவர்களுக்கு இடையே இருந்த வித்தியாசம் நம்பக்கூடியது.

அந்தக் கோடுகள் சொன்னது இது. ஐந்து வயதில் அண்ணன் 109, தம்பி 105. பத்து வயதில் அண்ணன் 137, தம்பி 129. பிறகு இடைவெளி வேகமாக விரிகிறது. அண்ணன் தம்பியின் இப்போதைய வயதில், அதாவது 14 வயது 8 மாத வாக்கில், 170ஐத் தொட்டுவிட்டான். தம்பி 148.

ஆக, 28இல் முதல் 6 செ.மீ. வெறும் வயது வித்தியாசம். அண்ணன் அதன் பிறகு 170லிருந்து 176க்கு வளர்ந்திருக்கிறான், அவ்வளவுதான். ஒரே வயதில் வைத்துப் பார்த்தால் இடைவெளி 22. இதுவும் சின்ன எண் இல்லை.

இந்த 22ஐப் புரிந்துகொள்ள, ஒரு பையன் எப்படி வளர்கிறான் என்று பார்க்க வேண்டும். பிறந்த முதல் வருடத்தில் சுமார் 25 செ.மீ., இரண்டாம் வருடம் 12 அளவில், பிறகு மெல்லக் குறைந்து வருடத்துக்கு 5, 6 செ.மீ. என்று நிதானமாகப் போகும். பருவ வயது தொடங்குவதற்குச் சற்று முன்னால் இன்னும் மந்தமாகும். தொடங்கியதும் ஒரு பாய்ச்சல் வரும். பையன்களுக்கு அதன் உச்சத்தில் வருடத்துக்கு 9, 10 செ.மீ. கூட வளரும். பாய்ச்சல் 12 வயதில் வரலாம், 15இலும் வரலாம். ஒருவன் பாய்ந்து முடித்துவிட்டான், இன்னொருவன் தொடங்கவே இல்லை என்றால் ஒரே வயதில் இருவருக்கும் இடையே 15, 20 செ.மீ. வித்தியாசம் வருவது சகஜம். அது கடைசி உயரத்தின் வித்தியாசம் இல்லை.

அண்ணனுக்குக் குரல் உடைந்தது ஏழாம் வகுப்பில். தம்பியைப் பரிசோதித்தேன். விரைகளின் அளவை, மி.லி. கணக்கில் அளவு குறித்த மணிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பரிசோதனை அது. 4 மி.லி. என்பது பருவம் தொடங்கியதன் அடையாளம், இவனுக்கு 6. இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்று பொருள். 14 வயது தாண்டியும் 4ஐத் தொடவில்லை என்றால் தாமதம் என்று எழுதுவோம். இவன் அந்தக் கோட்டை ஒட்டி வந்திருந்தான்.

அப்புறம் இடது கை மணிக்கட்டு எக்ஸ்ரே. எலும்பின் முனைகளில் வளர்ச்சித் தட்டுகள் இருக்கும், அவை எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்தால் எலும்பின் வயது தெரியும். பிறந்த தேதிப்படி 14 வயது 8 மாதம் ஆன பையனுக்கு எலும்பின் வயது 13. ஒன்றரை வருடத்துக்கும் மேலே பின்தங்கியிருக்கிறது. பின்தங்கியிருப்பது இங்கே நல்ல செய்தி, வளர இன்னும் இடம் இருக்கிறது. இப்படித் தாமதமாகும் பையன்கள் அந்த எலும்பு வயதில் தங்கள் கடைசி உயரத்தில் ஏறக்குறைய 88 சதவீதத்தை எட்டியிருப்பார்கள். 148ஐ 0.88ஆல் வகுத்தால் 168.

அப்பாவிடம், "நீங்க எப்ப வளர்ந்தீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துச் சிரித்தார். "பத்தாவது வரைக்கும் முதல் பெஞ்சுதான் டாக்டர். அதுக்கப்புறம்தான் சரசரன்னு ஏறுனேன். மீசையே இருபது வயசுலதான் வந்துச்சு." இந்தத் தாமதம் பரம்பரையாக வருவது. பிள்ளைகளில் ஒருவனுக்கு வரும், இன்னொருவனுக்கு வராது. அப்பாவின் வாகு தம்பிக்குத்தான் வந்திருக்கிறது, ஆனால் அவர் நினைத்த இடத்தில் அல்ல.

இதோடு விட்டுவிட முடியாது. தாமதம் என்று பெயர் வைத்து நோயைத் தவறவிடும் ஆபத்து உண்டு. 13 வயதிலிருந்து இவன் வருடத்துக்கு 4 செ.மீ. அளவுக்குத்தான் வளர்ந்திருந்தான். பருவத்துக்கு முந்தைய மந்தத்தில் இது வரக்கூடும், ஆனால் தைராய்டு குறைந்தாலும், சிறுநீரகம் பழுதானாலும், கோதுமை ஒவ்வாத குடல் நோய் இருந்தாலும், வளர்ச்சி ஹார்மோன் குறைந்தாலும் இதே எண்தான் வரும். பொதுவாக உயரம் குறைவோடு உடம்பு குண்டாகிக்கொண்டே போனால் ஹார்மோன் பக்கம் பார்ப்போம், மெலிந்துகொண்டே போனால் குடல், சாப்பாடு, நாள்பட்ட நோய் பக்கம் பார்ப்போம். இவன் மெலிந்தவன், ஆனால் மெலிந்துகொண்டு போகவில்லை. ரத்தப் பரிசோதனையில் தைராய்டும் சிறுநீரகமும் சரி, குடல் நோய்க்கான பரிசோதனையும் சரி. ஹீமோகுளோபின் மட்டும் 10.8. இரும்புச்சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும் கொடுத்தேன். அது சோர்வுக்கும் ரத்தசோகைக்கும். அதனால் உயரம் கூடும் என்று நான் சொல்லவில்லை.

அப்பா ஊசி பற்றிக் கேட்டார். பக்கத்து ஊரில் யாரோ போட்டு வளர்ந்ததாகக் கேள்விப்பட்டிருந்தார். டிவி விளம்பரத்தில் பார்த்த ஒரு பவுடரும் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. பவுடரில் பாலும் சர்க்கரையும் கொஞ்சம் வைட்டமினும் இருக்கும், சோறு சாப்பிடும் பையனுக்கு அதனால் ஒரு கோடும் ஏறாது. வளர்ச்சி ஹார்மோன் ஊசி அந்த ஹார்மோன் குறைந்தவர்களுக்கு. இவனுக்குப் பருவமே தானாகத் தொடங்கிவிட்டதால் அதைத் தூண்டும் ஊசிகூடத் தேவைப்படவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து அளந்துகொள்ளுங்கள் என்றேன். தாமதமா நோயா என்பதை எந்த ரத்தப் பரிசோதனையையும்விட அடுத்த இரண்டு அளவுகள் தெளிவாகச் சொல்லிவிடும்.

சொல்லிவிட்டன. ஆறு மாதத்தில் 151. ஒரு வருடத்தில் 155. அடுத்த வருடம் 162.5. பிறகு வேகம் தணிந்து 17 வயது 8 மாதத்தில் 166, 19 வயதில் 168. அண்ணன் அந்த 176லேயே நின்றுவிட்டான்.

ஆக 28 இப்படிப் பிரிகிறது: 6 செ.மீ. வயது, 14 செ.மீ. பருவம் வந்த நேரம், 8 செ.மீ. மட்டுமே நிஜ வித்தியாசம். அப்பாவும் அம்மாவும் வாதாடியதில் இந்த 8க்குத்தான் இடமுண்டு. இப்போது அந்த வாதத்துக்கு வரலாம்.

பிள்ளை ஒவ்வொன்றும் அப்பாவின் மரபணுக்களில் பாதியையும் அம்மாவுடையதில் பாதியையும் வாங்குகிறது. எந்தப் பாதி என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்மானமாகிறது. இரண்டு கூடைப் பூவில் கண்ணை மூடிக்கொண்டு பாதிப் பாதி அள்ளுவது போலத்தான், இரண்டாவது முறை அள்ளும்போது அதே பூக்கள் வராது. உயரத்தைத் தீர்மானிக்கும் ஒற்றை மரபணு என்று எதுவும் இல்லை. 2022இல் 54 லட்சம் பேரின் மரபணுத் தரவை வைத்து வெளியான ஆய்வு மரபணுத் தொகுப்பில் உயரத்தோடு தொடர்புள்ள 12,111 இடங்களைக் காட்டியது. பெரும்பாலானவை ஒவ்வொன்றும் மிகமிகச் சிறிய அளவுக்கே உயரத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். 168 உயர அப்பாவிடமும் 154 உயர அம்மாவிடமும் உயரத்தைக் கூட்டும் வடிவங்கள் நிறையவே இருக்கும், குறைக்கும் வடிவங்களோடு கலந்து சமன்பட்டுத் தெரியாமல் கிடக்கும். மூத்தவனுக்கு அவற்றில் பெரும்பங்கு போயிருக்கலாம்.

உடன்பிறந்தவர்கள் தங்களுக்குள் மரபணுவில் பாதியைப் பகிர்கிறார்கள் என்பதும் ஒரு சராசரிதான். மரபியல் ஆய்வாளர் பீட்டர் விஷரும் சக ஆய்வாளர்களும் 2006இல் ஆயிரக்கணக்கான உடன்பிறந்த ஜோடிகளை அளந்தபோது அந்தப் பங்கு 37 சதவீதம் முதல் 62 சதவீதம் வரை போனது. பங்கு கூடின ஜோடிகள் உயரத்திலும் கூடுதலாக ஒத்துப்போனார்கள். அதை மட்டுமே வைத்து, அந்த மக்களிடையே உயர வித்தியாசத்தில் சுமார் 80 சதவீதம் மரபணு சார்ந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இரட்டையர் ஆய்வுகளும் அந்த எண்ணைத்தான் சொல்லி வந்தன. இவர்கள் அதை ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்குள்ளேயே காட்டினார்கள்.

இந்த 80 சதவீதம்தான் அதிகம் தவறாகப் படிக்கப்படும் எண். ஒருவனின் 168 செ.மீ.யில் 80 சதவீதம் மரபணு கொடுத்தது, மீதி சாப்பாடு கொடுத்தது என்று அர்த்தம் இல்லை. இந்த 8 செ.மீ. இடைவெளியில் 6.4 மரபணு என்றும் சொல்ல முடியாது. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தைப் பற்றிய எண் அது. நன்றாகச் சாப்பிடும் கூட்டத்தில் மரபணுவின் பங்கு அதிகமாகத் தெரியும், பசியும் நோயும் ஆளுக்கு ஆள் மாறும் இடத்தில் குறையும்.

மரபணுக் கலப்பு மட்டுமே 8 செ.மீ.யைக் கொடுக்குமா? தாராளமாக. இரண்டு அண்ணன் தம்பிகளுக்கு இடையே சராசரியாக 5 செ.மீ. அளவு வித்தியாசம் இருக்கும். 8 செ.மீ. அல்லது அதற்கு மேல் என்பது சுமார் ஐந்து ஜோடிகளில் ஒன்றில் வரும். 13ஐத் தாண்டுவது இருபதில் ஒன்று. ஒரு தெருவில் இருபது வீடு இருந்தால் அப்படி ஒரு வீட்டை யாரும் பார்த்திருப்பார்கள்.

அப்படியானால் அம்மாவின் கவலைக்கு இடமே இல்லையா? இருக்கிறது. நிலையில் இருந்த ஐந்து வயதுக் கோடுகளைத் திரும்பப் பாருங்கள். அப்போதே 4 செ.மீ. வித்தியாசம். ஐந்து வயதில் ஒரு பையன் கடைசி உயரத்தில் 60 சதவீதத்துக்குச் சற்று மேல் எட்டியிருப்பான். அந்த 4ஐ அதே விகிதத்தில் நீட்டினால் 6க்கு மேல் வருகிறது. அதாவது கடைசி 8இல் பெரும்பகுதி பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தீர்மானமாகிவிட்டது. பிறக்கும்போதே கையில் இருந்த மரபணுவும் இப்படித்தான் காட்டும், முதல் இரண்டு வருடத்து வயிற்றுப்போக்கும் இப்படித்தான் காட்டும். கோடுகளை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

இந்தியாவில் கடைக்குட்டிகளுக்கு இந்தக் கேள்வி கூடுதலாகப் பொருந்தும். பொருளாதார அறிஞர்கள் சீமா ஜெயச்சந்திரனும் ரோகிணி பாண்டேயும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் இந்தியக் குழந்தைகளை ஆப்பிரிக்கக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். தலைப்பிள்ளைகளை எடுத்தால் இந்தியக் குழந்தைகள் குட்டையாக இல்லை. பிறப்பு வரிசையில் இறங்க இறங்க இந்தியாவில் உயரம் ஆப்பிரிக்காவைவிட வேகமாகச் சரிந்தது. மூத்த ஆண் பிள்ளைக்குக் கிடைக்கும் கவனிப்பை ஒரு காரணமாக அவர்கள் காட்டினார்கள். இந்த வீட்டில் மூத்தவன் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா வீட்டில் இருந்தார், மூன்றாவது பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனதும் தோட்டத்துக்குப் போனார். யாரும் வேண்டுமென்று பாரபட்சம் காட்டவில்லை. மூன்றாவது வரும்போது வீட்டில் வேலை கூடியிருந்தது, கை குறைந்திருந்தது.

ஆனால் இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த இடம் வேறு. எல்லோரும் தம்பி ஏன் குட்டை என்று கேட்டார்கள். எதிர்பார்த்த நடு எண் 167.5, தம்பி 168. அவன் வர வேண்டிய இடத்துக்குத்தான் வந்திருக்கிறான். விலகி நிற்பவன் அண்ணன், 8.5 செ.மீ. மேலே, இந்தப் பெற்றோருக்குப் பிறக்கும் நூறு பையன்களில் மூன்று பேர்தான் தாண்டும் எல்லையில். "கட்டை" என்று வீட்டில் கிண்டலுக்கு ஆளாகும் அக்காவின் நடு எண் 154.5, அவள் 158. அண்ணனின் பக்கத்தில் நிற்பதால் அவள் குட்டையாகத் தெரிகிறாளே தவிர, அம்மாவைவிட 4 செ.மீ. உயரம்.

மூன்று பேரையும் சேர்த்தால் 8.5, 3.5, 0.5. எல்லோரும் மேல் பக்கமே. மூன்றே பிள்ளைகள், தற்செயலாகவும் இருக்கலாம். இன்னொரு சாத்தியமும் உண்டு. அப்பாவும் அம்மாவும் வானம் பார்த்த பூமியில் ஒரு வேளைச் சோறு நிச்சயமில்லாத வருடங்களில் வளர்ந்தவர்கள். அவர்களின் உயரமே அவர்களின் மரபணு அனுமதித்ததைவிடக் குறைவாக நின்றிருக்கலாம். அப்படியென்றால் 167.5 என்ற நடு எண் தாழ்வானது, பிள்ளைகளின் நிஜ நடு எண் 170ஐத் தாண்டியிருக்கும். அப்போது அண்ணனின் உயரம் அதிசயமில்லை, தம்பிதான் சில செ.மீ. விட்டுக்கொடுத்திருக்கிறான் என்று அம்மாவின் பக்கம் வாதம் சாயும். தென்கொரியாவில் ஒரு நூற்றாண்டில் பெண்களின் சராசரி உயரம் 20 செ.மீ. கூடியது. அந்தக் காலத்துக்குள் மரபணு அவ்வளவு மாறியிருக்காது, சாப்பாடும் சுகாதாரமும்தான் மாறின. பெற்றோர் வளர்ந்த விதமும் பிள்ளைகள் வளர்ந்த விதமும் மாறிப்போன குடும்பங்களில் நம் சூத்திரம் தடுமாறுவது இங்கேதான்.

அப்பாவுக்கு இந்த விளக்கமெல்லாம் ஒரு எண்ணில்தான் போய் நின்றது. இளையவனைப் போலீஸ் தேர்வுக்கு அனுப்ப நினைத்திருந்தார். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு ஆண்களுக்குக் குறைந்தது 170 செ.மீ. வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 167. இந்தக் குடும்பத்துக்குப் பொருந்துவது 170. "அந்த வயித்துப்போக்கு இல்லாம இருந்திருந்தா அந்த ரெண்டு சென்டிமீட்டர் வந்திருக்குமா டாக்டர்?" என்று கேட்டார். வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம், ஒருவனை வைத்து அதைச் சொல்ல முடியாது என்றேன். திருப்தி இல்லாமல்தான் போனார்.

அடுத்த முறை வந்தது அக்காவுக்காக. பெண்களுக்கு அதே தேர்வில் 159 செ.மீ. அவளோ மாலையில் என் கிளினிக்கில் 158. முதுகெலும்புத் தட்டுகள் பகல் முழுக்க அழுந்துவதால் மாலைக்குள் எல்லோருக்கும் ஒரு செ.மீ. அளவு குறையும், காலையில் எழுந்ததும் அளந்து பாருங்கள் என்றேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே வாசல் நிலையில் நிற்க வைத்து, இந்த முறை டேப்பைத் தரையிலிருந்து பிடித்து, படம் அனுப்பினார். 159.2.